அதிகாலை இரண்டரைக்கு டாலர் சந்தையில் யார் விழித்திருக்கிறார்கள்?

மும்பைப் பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறக்கும், 3.30-க்கு மூடும். டாலர், யூரோ, யென் வாங்கி விற்கும் சந்தைக்கு அப்படித் திறப்பும் மூடலும் கிடையாது. திங்கள் விடியலில் தொடங்கினால் வெள்ளி இரவு கழியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒரு கட்டடமோ ஒரு எக்ஸ்சேஞ்சோ இல்லை என்பதுதான் காரணம். வங்கிகள், நிதி நிறுவனங்கள், அவற்றை இணைக்கும் கணினித் திரைகள், இவ்வளவுதான் சந்தை. உலகத்தில் எங்கோ ஒரு டீலர் "இந்த விலைக்கு வாங்குகிறேன், இந்த விலைக்கு விற்கிறேன்" என்று சொல்லத் தயாராக இருக்கும்வரை சந்தை திறந்திருக்கிறது.

ஆனால் அப்படித் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர், எவ்வளவு பணத்துக்கு விலை சொல்வார்கள் என்பது மணிக்கு மணி மாறும். பாசல் நகரத்தில் இருக்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் இந்தச் சந்தையைக் கணக்கெடுக்கிறது. 2025 கணக்கெடுப்பில் ஒரு நாள் வர்த்தகம் 9.6 லட்சம் கோடி டாலர். அதில் சுமார் 38 சதவீதம் பிரிட்டனில், அதாவது லண்டனில் நடந்தது. அமெரிக்கா சுமார் 19, சிங்கப்பூர் 12, ஹாங்காங் 7. ஒவ்வொரு நாளையும் முதலில் தொடங்கிவைக்கும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்தாலும் சில சதவீதம்தான் தேறும். 24 மணி நேரச் சந்தை என்ற பேச்சில் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துபோகிறது. ஒரு பிராந்தியம் வேலையை முடித்து அடுத்த பிராந்தியத்திடம் ஒப்படைக்கும் இடங்களில் சில கெட்டியானவை, ஒன்று மட்டும் மிக மெலிந்தது. அந்த மெலிந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவோம். நேரமெல்லாம் நம் இந்திய நேரம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும் கோடை மாதங்களின் கணக்கு. குளிர்காலத்தில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காலை 5.30-க்கு டோக்கியோவில் ஒன்பது மணி. அங்கே முதல் முக்கியக் கணம் 9.55. ஜப்பானிய வங்கிகள் அந்த நேரத்துச் சந்தை விலையை வைத்து அன்றைய டாலர் விலையை நிர்ணயித்து, இறக்குமதி, ஏற்றுமதி வாடிக்கையாளர்களின் கணக்கை அதில் தீர்க்கின்றன. மாதத்தில் 5, 10, 15 என்று ஐந்தால் வகுபடும் தேதிகளில் பல நிறுவனங்கள் பட்டுவாடா செய்வது ஜப்பானிய வழக்கம். அதனால் அந்தத் தேதிகளில் 9.55-க்கு முன்பாக டாலருக்குக் கிராக்கி கூடும் என்று டீலர்கள் எதிர்பார்ப்பார்கள். சற்றுப் பொறுத்து சிங்கப்பூரும் ஹாங்காங்கும் சேர்ந்துகொள்ளும். 6.45-க்குச் சீனா தன் யுவானுக்கான அன்றைய மைய விலையை அறிவிக்கும். பகல் பதினொன்றரைக்கு லண்டனில் காலை ஏழு மணி, டீலிங் ரூம்களில் ஆட்கள் வந்தாயிற்று. சிங்கப்பூரில் அப்போது பிற்பகல் இரண்டுதான். மூன்று நான்கு மணி நேரம் இரண்டு ஊர்க்காரர்களும் ஒன்றாகவே இருப்பார்கள். மாலை 5.30-க்கு நியூயார்க்கில் காலை எட்டு மணி. லண்டனில் அப்போது மதியம் ஒன்று. அங்கிருந்து இரவு 8.30 வரை, அதாவது லண்டனில் மாலை நான்கு மணிக்கு உலக முதலீட்டு நிதிகள் எல்லாம் பார்க்கும் தினசரி விலை எடுக்கப்படும்வரை, சந்தை அதன் முழு ஆழத்தில் இருக்கும்.

இந்த இரண்டு ஒப்படைப்பும், ஆசியாவிலிருந்து லண்டனுக்கு, லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு, கெட்டியானவை. ஆலையில் ஷிப்ட் மாறும்போது பழைய ஆள் மிஷினை விட்டு நகர்வதற்குள் புது ஆள் பக்கத்தில் வந்து நிற்பதைப் போல, இருவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். நியூயார்க்கிலிருந்து மறுபடி ஆசியாவுக்கு நடக்கும் மூன்றாவது ஒப்படைப்பில் அந்த வசதி இல்லை.

ஒப்படைப்பது என்றால் உண்மையில் எதை? ஒரே ஒரு ஆர்டரைப் பின்தொடர்ந்தால் புரியும். ஒசாகாவில் ஒரு இறக்குமதி நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் 50 லட்சம் டாலர் கட்ட வேண்டும். இன்று டாலர் 150 யென். "148.20-க்கு இறங்கினால் வாங்கிவிடு, இல்லை, கையை மீறி 151.80-க்கு ஏறினாலும் வாங்கிவிடு. ஒன்று நடந்தால் மற்றது ரத்து" என்று டோக்கியோ மாலை நான்கு மணிக்குத் தன் வங்கியிடம் சொல்கிறது. முதலாவது லாபத்துக்காகக் காத்திருக்கும் ஆர்டர், இரண்டாவது நஷ்டம் கைமீறாமல் தடுக்கும் ஸ்டாப் லாஸ். டோக்கியோ டீலர் வீட்டுக்குப் போகும்முன் இதை லண்டன் டெஸ்க்குக்குத் தள்ளுவார். முன்பெல்லாம் டெலக்ஸிலும் தொலைபேசியிலும் வரி வரியாக வாசித்துச் சரிபார்ப்பார்கள். இப்போது வங்கியின் பொதுவான ஆர்டர் புக்கில் அது ஏற்கெனவே இருக்கும், பொறுப்பாளர் பெயர் மட்டும் மாறும். லண்டன் முடிந்ததும் நியூயார்க். நியூயார்க் மாலை ஐந்துக்கு சிட்னியோ சிங்கப்பூரோ எடுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி டோக்கியோ.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் அந்த ஆர்டரில் சில விஷயங்கள் தெளிவாக இல்லையென்றால் ஏதோ ஒரு ஊரில் சண்டை வரும். எந்த நேரம்வரை செல்லும்? "இன்று முடியும்வரை" என்றால் டோக்கியோவின் இன்றா, நியூயார்க்கின் இன்றா? 151.80-ஐத் தொட்டது என்று எதை வைத்துச் சொல்வது? யாரோ அந்த விலைக்கு விற்க முன்வந்தாலே போதுமா, நிஜமாகவே வியாபாரம் நடந்திருக்க வேண்டுமா? எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: ஸ்டாப் லாஸ் என்பது அந்த விலைக்கு வாங்கித் தருவேன் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த விலை வந்த பிறகு, அப்போது சந்தையில் கிடைக்கும் விலைக்கு வாங்குவேன் என்பது மட்டும்தான். பகல் நேரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதிகாலையில் தெரியும்.

வாடிக்கையாளர் ஆர்டர்களோடு வங்கி தன் சொந்தப் பொறுப்புகளையும் கை மாற்றுகிறது. அப்போதைய சந்தை விலைக்கு நேரடியாக வாங்கி விற்கும் சாதாரண ஸ்பாட் டீலர்கள் பெரும்பாலும் வாங்கியதை விற்று, விற்றதை வாங்கி, கணக்கை நேர் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆப்ஷன், அதாவது குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை, விற்றிருக்கும் டெஸ்க்கால் அப்படிக் கிளம்ப முடியாது. விலை நகர நகர அவர்கள் அதற்கேற்றபடி விற்றோ வாங்கியோ நஷ்டத்தை ஈடுகட்ட ஹெட்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். எனவே "இந்த விலைக்கு இறங்கினால் இவ்வளவு விற்கவும், இன்னும் இறங்கினால் இன்னும் இவ்வளவு விற்கவும்" என்ற குறிப்போடு அடுத்த ஊருக்கு விட்டுச் செல்கிறார்கள். இறங்கும்போது மேலும் விற்கச் சொல்லும் குறிப்பு என்பதைக் கவனியுங்கள். இறக்கத்துக்கு அது எண்ணெய் ஊற்றும்.

சரி, இப்போது நியூயார்க் மாலை ஐந்து மணிக்கு வருவோம். நமக்கு அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. இந்தச் சந்தையில் ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, இந்தக் கணத்தில்தான். பெரிய மையங்களில் கடைசியாக மூடுவது நியூயார்க் என்பதால் வந்த வழக்கம் இது. நியூசிலாந்து டாலர் மட்டும் அடம் பிடித்து, ஆக்லாந்து காலை ஏழு மணியில் நாளை மாற்றிக்கொள்கிறது.

நாள் மாறினால் என்ன ஆகிறது? ஸ்பாட் வியாபாரத்தில் பணம் கைமாறுவது பொதுவாக இரண்டு வேலை நாள் கழித்து. புதன் மதியம் டாலர் வாங்கினால் வெள்ளிக்கிழமை தீர்வு. அதே டாலரை நியூயார்க் புதன் மாலை 5.01-க்கு வாங்கினால் அது வியாழன் வியாபாரம், தீர்வு திங்கள்கிழமை. புதன் மதியம் வாங்கியதை விற்காமல் ஐந்து மணியைத் தாண்டி வைத்திருக்க விரும்பினால் தீர்வை வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தள்ளவேண்டும், அதாவது மூன்று நாள் வட்டிக் கணக்கு. யென் விற்று ஒரு கோடி டாலர் வைத்திருக்கிறீர்கள், இரண்டு நாணயத்தின் வட்டிக்கும் இடையே 4.5 சதவீத வித்தியாசம் என்று கொண்டால், ஒரு நாளுக்கு 1,250 டாலர் உங்கள் பக்கம் வரும், புதன் இரவு மட்டும் 3,750. எதிர்ப்பக்கம் நிற்பவர் அதைக் கொடுக்க வேண்டும். உலகம் முழுக்க எல்லாரும் இந்தத் தள்ளலை ஒரே கணத்தில் செய்வதால், வங்கிகளின் கணினிகள் அந்த நிமிடங்களில் விலை சொல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. சிகாகோவின் சிஎம்இ எக்ஸ்சேஞ்சில் பின்தேதிக்கு நாணயம் வாங்கி விற்கும் ஒப்பந்தங்களான கரன்சி ஃபியூச்சர்ஸும் நியூயார்க் ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மணி நேரம் தினமும் ஓய்வெடுக்கும். இந்த ஒரு மணி நேரத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

அந்நேரம் யார் விழித்திருக்கிறார்கள்? கோடையில் நியூயார்க் ஐந்து மணி என்றால் சிட்னியில் காலை ஏழு, டோக்கியோவில் ஆறு, சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஐந்து. வெலிங்டனில் மட்டும் ஒன்பது. வெலிங்டனில் டீலர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் பவுண்டிலோ யென்னிலோ பெரிய தொகைக்குத் தாங்கி நிற்கும் அளவுக்கு அங்கே ஆள்பலமும் கிடையாது, அவ்வளவு ரிஸ்க் எடுக்க வங்கி அனுமதிக்கும் லிமிட்டும் கிடையாது. லண்டனில் இரவு பத்து மணி ஆகியிருக்கும். குளிர்காலத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. தென்கோளம் தன் கடிகாரத்தை முன்னே தள்ள, அமெரிக்கா பின்னே இழுக்க, நியூயார்க் ஐந்து மணிக்கு சிட்னியில் ஒன்பதும் டோக்கியோவில் ஏழும் ஆகியிருக்கும். ஜப்பானும் சிங்கப்பூரும் இந்தியாவும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் சில வாரங்கள் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று பழகிய டீலரே ஒரு தடவை யோசிப்பார். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேர வித்தியாசம்தான்.

இந்த மெலிவைத் திரையில் பார்த்தே சொல்லிவிடலாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான ஸ்ப்ரெட் முதலில் அகலும். யூரோ-டாலரில் லண்டன் பிற்பகலில் நான்காவது தசமத்தில் ஒன்றுகூட இராத இடைவெளி, இப்போது அதைப் போலப் பல மடங்காகும். விலைக்குப் பக்கத்தில் காட்டும் தொகை சுருங்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலையின் நடுப்புள்ளி அசையாமலேயே ஸ்ப்ரெட் மட்டும் விரிந்தால், வாங்கும் விலை கீழே போகும், விற்கும் விலை மேலே போகும். வாங்கும் விலையை வைத்துத் தூண்டப்படும் ஸ்டாப் லாஸ் அப்போது அறுந்துவிடும். மறுநாள் சார்ட்டைப் பார்த்தால் "விலை அங்கே போகவே இல்லையே, என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று தோன்றும். ஏமாற்றும் தளங்களும் உண்டு என்பது வேறு கதை. ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலே வெளியிட்டு வைத்திருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயம் நேர்மையான தளத்திலும் நடக்கும்.

இனி நடந்த கதை. 2016 ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. அக்டோபர் 2 அன்று பிரதமர் தெரசா மே, 2017 மார்ச் முடிவுக்குள் விலகும் நடைமுறையைத் தொடங்குவோம் என்று அறிவித்தார். பவுண்டு அந்த வாரம் முழுக்கச் சரிந்து, 31 ஆண்டுகளில் காணாத அளவுக்குக் கீழே வந்திருந்தது. அக்டோபர் 7, வெள்ளி. லண்டனில் நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம். நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை ஏழு மணி ஏழு நிமிடம், பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். டோக்கியோவில் காலை எட்டு மணி, சிங்கப்பூரில் ஏழு, வந்துகொண்டிருக்கிறார்கள். சீனா ஒரு வார விடுமுறையில். சிட்னி மட்டும் முழுசாக வேலையில் இருந்தது. நம் ஊரில் அதிகாலை 4.37.

பவுண்டு அப்போது 1.26 டாலர் அளவில் இருந்தது. முதல் சில நொடிகள் விற்பனை கனமாக வந்தது, விலையும் வேகமாக இறங்கியது, ஆனால் முறையாகத்தான் இறங்கியது. ஒவ்வொரு விலையிலும் வாங்க யாராவது இருந்தார்கள். அடுத்து சிகாகோவின் பவுண்டு ஃபியூச்சர்ஸில் விலை அளவுக்கு மீறி வேகமாக நகர்ந்ததால் அங்கிருந்த தானியங்கித் தடை விழுந்து, வர்த்தகம் நொடிக் கணக்கில் நின்றது. ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான் அது. ஆனால் ஸ்பாட் சந்தையில் விலை சொல்லும் பல கணினிகள் அந்த ஃபியூச்சர்ஸ் விலையைப் பார்த்துத்தான் தங்கள் விலையைத் தீர்மானிக்கின்றன. அது நின்றதும் அவற்றுக்குக் கண் கட்டிய மாதிரி ஆயிற்று. கண் தெரியாத கணினி செய்யும்படி எழுதப்பட்டிருக்கும் வேலை ஒன்றே ஒன்று: விலை சொல்வதை நிறுத்து. ஒன்று நிறுத்த, மற்றவையும் ஒதுங்கின. அதன்பின் வந்த விற்பனைக்கு எதிரில் யாரும் இல்லை. பவுண்டு சுமார் 9 சதவீதம் விழுந்தது. பிறகு சில நிமிடங்களில் பெரும்பகுதியை மீட்டுவிட்டது. அன்றைய மிகக் குறைந்த விலை எது என்பதில் வர்த்தகத் தளங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சில வியாபாரங்கள் பின்னால் திருத்தப்பட்டன, சில ரத்தாயின.

முதலில் எல்லாரும் ஒரு குற்றவாளியைத் தேடினார்கள். எண்ணை மாற்றித் தட்டிய டீலர் என்றார்கள். பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்து பிரிட்டனிடம் கடுமையாக நடக்க வேண்டும் என்று பேசியதாக வந்த செய்தியைப் படித்து கணினிகள் விற்றுத் தள்ளின என்றார்கள். பன்னாட்டுத் தீர்வு வங்கியின் சந்தைக் குழு 2017 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை அப்படி ஒரு தனிக் காரணத்தைக் காட்டவில்லை. பல காரணங்கள் சேர்ந்தன என்றது, அவற்றில் முதலிடம் நேரத்துக்குத்தான். அந்த வேளையில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு பவுண்டில் அனுபவம் குறைவு, எடுக்க அனுமதிக்கப்பட்ட ரிஸ்க்கும் குறைவு. ஆப்ஷன் விற்றவர்கள் விலை இறங்க இறங்க ஹெட்ஜுக்காக விற்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் விட்டுச்சென்ற ஆர்டர்கள் தூண்டப்பட்டன. மேலே சொன்ன ஒப்படைப்புக் குறிப்புகள்தான் இவை. லண்டனும் நியூயார்க்கும் வீட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை, இருவரும் இல்லாத நேரத்தில், ஒன்றன் பின் ஒன்றாக விழித்துக்கொண்டன. இதே விற்பனை லண்டன் பிற்பகலில் வந்திருந்தால் பவுண்டு இறங்கியிருக்கும். இந்த அளவுக்கு ஓட்டை விழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

சிட்னி முழுசாக வேலையில் இருந்தும் ஏன் தாங்கவில்லை என்று கேட்கலாம். சிட்னி டீலருக்குக் கைவந்தது ஆஸ்திரேலிய டாலர். பவுண்டு அவருக்கு இரவல் பொறுப்பு. லண்டன்காரர் விழித்து வந்து கேட்கும்போது நஷ்டத்தை விளக்க வேண்டிய நிலையில் இருப்பவர், கத்தி கீழே விழும்போது கையை நீட்டமாட்டார். வங்கிகளும் அதைத்தான் விரும்புகின்றன. அதற்காகத்தான் இரவு லிமிட்டைக் குறைத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு வங்கியின் கோணத்தில் பார்த்தால் இது முற்றிலும் சரியான எச்சரிக்கை. எல்லா வங்கியும் ஒரே நேரத்தில் எச்சரிக்கையாக இருந்தால் சந்தை காலியாகிவிடுகிறது.

இரண்டாவது சம்பவம் இன்னும் சுருக்கம். 2019 ஜனவரி 2, அமெரிக்கப் பங்குச் சந்தை மூடிய பிறகு ஆப்பிள் நிறுவனம் தன் வருவாய் மதிப்பீட்டைக் குறைத்தது. உலகப் பொருளாதாரம் மந்தமாகிறது என்று பயம் வந்தால் யென்னை வாங்குவது சந்தையின் பழைய பழக்கம். நியூயார்க் ஐந்தரை மணி தாண்டியிருந்தது. சிகாகோ ஃபியூச்சர்ஸ் அந்தத் தினசரி ஓய்வில் இருந்தது. டோக்கியோவில் காலை ஏழரை மணி, ஆனால் புத்தாண்டு விடுமுறை, வங்கிகள் மூன்றாம் தேதிவரை மூடல். 108 யென்னுக்கு மேல் இருந்த டாலர் சில நிமிடங்களில் 105-க்குக் கீழே போய்த் திரும்பியது. ஆஸ்திரேலிய டாலர் யென்னுக்கு எதிரே அதைவிட மோசமாக அடி வாங்கியது. ஜப்பானில் வீட்டில் உட்கார்ந்து கரன்சி வர்த்தகம் செய்யும் சாதாரண மக்கள் ஏராளம். யென்னைக் கடன் வாங்கி, வட்டி அதிகம் தரும் ஆஸ்திரேலிய டாலரையோ துருக்கி லிராவையோ வைத்திருப்பது அவர்களுக்குப் பிடித்த வழி. பிணையாகக் கட்டிவைத்த மார்ஜின் போதாமல் போனதும் தரகு நிறுவனங்களின் கணினிகள் அவர்களின் பொசிஷன்களைத் தானாக விற்றன. விடுமுறைக் காலை என்பதால் பலர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். ஊர் மூடியிருந்தாலும் ஊர்க்காரர்களின் ஆர்டர்களுக்கு விடுமுறை இல்லை.

நேரத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடுவதும் தப்பு. 2015 ஜனவரி 15 அன்று, ஐரோப்பா முழுக்க நாற்காலியில் இருந்த லண்டன் காலை ஒன்பதரை மணிக்கு, யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று வைத்திருந்த தரை விலையை சுவிஸ் மத்திய வங்கி திடீரென்று கைவிட்டது. நிமிடங்களில் சந்தை காணாமல் போயிற்று. ஆனால் அங்கே உண்மையிலேயே ஒரு பெரிய செய்தி இருந்தது, விழுந்த விலை உடனே பழைய இடத்துக்குத் திரும்பவும் இல்லை. மெலிந்த நேரத்து விபத்தை அடையாளம் காண இதுவே வழி: விழுந்த வேகத்திலேயே பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். நடுவில் ஸ்டாப் லாஸில் வெளியேற்றப்பட்டவருக்கு அந்தத் திரும்பலால் பயன் ஒன்றும் இல்லை.

வார இறுதி இதே ஒப்படைப்பின் நீண்ட வடிவம்தான். வெள்ளி மாலை நியூயார்க் ஐந்துக்குக் கடை கட்டினால், திங்கள் சிட்னி காலை ஐந்து மணியைத்தான் டீலர்களின் வழக்கம் வாரத் தொடக்கமாக ஏற்கிறது. இடையில் நடப்பதெல்லாம் முதல் விலையில் ஒரே தாவலாகத் தெரியும். 2017 ஏப்ரல் 23, ஞாயிறு, பிரெஞ்சு அதிபர் தேர்தலின் முதல் சுற்று. வெள்ளியன்று 1.07 சொச்சத்தில் இருந்த யூரோ, மக்ரோன் முந்துகிறார் என்று தெரிந்ததும் திங்கள் விடியலில் 1.09-ஐத் தாண்டித் திறந்தது. யூரோவை விற்று வைத்து 1.08-இல் ஸ்டாப் போட்டிருந்தவருக்கு 1.08 என்ற விலையே கிடைக்கவில்லை. அந்த விலைக்கு யாரும் வியாபாரம் செய்யவே இல்லை.

இனி நம் ரூபாய். ரூபாய் ஊர் சுற்றாது. அதன் வங்கிகளுக்கு இடையிலான உள்நாட்டுச் சந்தை காலை ஒன்பதிலிருந்து 3.30 வரைதான். ஆனால் ரூபாயின் மீதான பந்தயம் ஊர் சுற்றும். என்டிஎஃப் என்ற ஒப்பந்தத்தில் ரூபாய் கைமாறுவதில்லை. குறித்த நாளில் மும்பையில் அறிவிக்கப்படும் குறிப்பு விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை டாலரில் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் என்று இது ஓடும். அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் பணவீக்கக் கணக்கும் வெளியாவது அங்கே காலை எட்டரைக்கு, நமக்கு மாலை ஆறு அல்லது ஏழு. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவு நமக்கு இரவு பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை. இரண்டுமே மும்பை மூடிய பிறகு. ஆக, ரூபாயை அதிகம் அசைக்கும் செய்திகளுக்கு முதல் விலை வைப்பது வெளியூர்தான். காலை ஒன்பதுக்கு முன் மும்பை டீலர் செய்யும் முதல் வேலை, சிங்கப்பூரில் என்டிஎஃப் என்ன விலை சொல்கிறது என்று பார்ப்பது. முந்தைய நாள் முடிவுக்கும் இன்றைய தொடக்கத்துக்கும் இடையில் தெரியும் தாவல் அங்கேயே தீர்மானமாகியிருக்கும்.

இது சரியில்லை என்று ரிசர்வ் வங்கிக்கும் பட்டது. 2019-இல் தன் முன்னாள் துணை ஆளுநர் உஷா தோரட் தலைமையில் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. 2020 ஜனவரியில், இந்திய வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு எந்நேரமும் அந்நியச் செலாவணி விலை சொல்லலாம் என்று அனுமதித்தது. அதே ஆண்டு ஜூன் முதல், வெளிநாட்டுக் கிளைகள் மூலமோ குஜராத்தின் கிஃப்ட் சிட்டி நிதி மையத்தில் உள்ள கிளைகள் மூலமோ என்டிஎஃப் சந்தையில் இறங்கவும் வழிவிட்டது. அனுமதி கிடைத்துவிட்டதால் ஆழம் வந்துவிடாது. மாலை ஏழு மணிக்கு ஒரு திருப்பூர் ஏற்றுமதியாளர் தன் வங்கியிடம் டாலருக்கு விலை கேட்டால், வங்கி அந்த டாலரை அந்நேரத்தில் உள்நாட்டில் யாரிடமும் தள்ளிவிட முடியாது. வெளிச் சந்தையில் ஹெட்ஜ் செய்ய வேண்டும், அல்லது மறுநாள் ஒன்பது மணிவரை தானே சுமக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு சொல்லும் விலைக்குள் இருக்கும். அதே ஆள் பகல் பன்னிரண்டரைக்குக் கேட்டிருந்தால் மும்பை, சிங்கப்பூர், லண்டன் மூன்றும் திறந்திருக்கும். குறிப்பு விலைக்காக வியாபாரங்களைக் கணக்கெடுக்கும் நேரமும் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரைதான். அவசரமில்லாத டாலரை விற்கப் போகிறவர், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும்போது, அந்த நண்பகலை ஒட்டிக் கேட்பது லாபம்.